ரீவியைக் கொடுங்கோ, ஐசியைக் கொடுக்காதேங்கோ: யாழ்ப்பாணத்தில் முதல் தடவை அடைவு வைக்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடையில் மூன்று வருடம் கணக்கு எழுதினேன். முன்பக்கம் ரீவி, பான், றைஸ் குக்கர் விற்பனை. பின்பக்கம் திரைச்சீலைக்கு அங்கால் அடைவு. முதலாளியின் மேசையில் இடதுபக்க லாச்சியை இழுத்தால் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும், அதற்குள் ரப்பர் பாண்ட் போட்ட ஐசி, அதாவது அடையாள அட்டைக் கட்டுகள். பழைய லமினேட் அட்டைகள் ஒரு கட்டு, புது பிளாஸ்ரிக் அட்டைகள் ஒரு கட்டு, அடியில் இரண்டு மூன்று பாஸ்போட், ஒரு வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பேனையால் தொகை எழுதின சிறு துண்டு.

சேர்ந்த புதிதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று. அடைவு வைத்த ரீவியை மீட்க ஆள் வராவிட்டால் முதலாளி அதை விற்றுக் காசாக்கிவிடுவார், சரி. ஒருவருடைய ஐசியை யாரிடம் விற்பது? சந்தையில் அதற்கு ஐந்து சதம் கிடையாது. பிறகு ஏன் இவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைக்கிறார் என்று கொஞ்ச நாள் போன பிறகுதான் பிடிபட்டது. அட்டைக்கு விலை இல்லை, ஆனால் அது இல்லாமல் உங்களால் வங்கிக்குப் போக ஏலாது, சோதனை எழுத ஏலாது, வேலைக்குச் சேர ஏலாது. உங்களுடைய அந்தத் தவிப்புத்தான் அவருக்கு ஈடு. ரீவியைக் கொடுத்தால் உங்களுக்கு வரக்கூடிய ஆகப் பெரிய நட்டம் ஒரு ரீவி. ஐசியைக் கொடுத்தால் நட்டம் எதில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இனி, அவசரத்துக்குக் காசு தேவைப்பட்டு முதல் தடவை இந்தப் பக்கம் வருகிறவர் என்ன வரிசையில் என்ன செய்யவேண்டும் என்று பார்ப்போம்.

போவதற்கு முன்னால்

வீட்டில் அரைப் பவுண் மோதிரமாவது இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். மக்கள் வங்கி, இலங்கை வங்கி இரண்டிலும் நகை அடைவு இருக்கிறது, வட்டி வீதம் வெளியில் எழுதியிருக்கும், ஐசியை வாங்கிப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே திருப்பித் தருவார்கள். வங்கிக்குப் போக வெட்கப்பட்டு வெளியில் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வைத்த ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வெட்கம் வருடத்துக்கு ஒரு மோதிரத்தின் விலை வரும்.

நகை இல்லை, ரீவி, தையல் மெசின், தண்ணீர் இறைக்கிற மெசின், போன், குத்துவிளக்கு இப்படி ஏதாவதுதான் இருக்கிறது என்றால் வங்கி எடுக்காது. அப்போது போகும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று, உத்தரவுப்பத்திரம் எடுத்த அடைவு கடை. 1942ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் கட்டளைச் சட்டத்தின் கீழ் இந்தத் தொழிலுக்கு உத்தரவுப்பத்திரம் வேண்டும், அதைப் பிரதேச செயலகத்தில் எடுப்பார்கள், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். மற்றது, உத்தரவு எதுவும் இல்லாமல் கடைக்குப் பின்னால், வீட்டு விறாந்தையில், தெரிந்தவர் தெரியாதவருக்குக் கொடுக்கிற காசு. கஸ்தூரியார் வீதிப் பக்கம் போனால் முதல் வகை கண்ணில் படும், ஆனால் அவர்களிலும் அனேகமானோர் தங்கம் மட்டும்தான் பிடிப்பார்கள். வீட்டுச் சாமானோடு போகிறவர் கடைசியில் இரண்டாவது வகையிடம்தான் போய் நிற்பார், நான் வேலை செய்த இடமும் அந்த வகைதான். ஆகவே சுவரில் இந்த வருடத்துக்கான உத்தரவுப்பத்திரம் தொங்குகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். கேட்டதற்கே கோபிக்கிறவரிடம் சாமானை இறக்கவேண்டாம்.

வீட்டை விட்டு வெளிக்கிடுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. சாமானைப் போட்டு இயங்குகிறதைப் போனில் வீடியோ எடுங்கள். ரீவியின் பின்பக்கம் வெள்ளை ஸ்ரிக்கரில் தொடர் இலக்கம் இருக்கும், இறைக்கிற மெசினில் எஞ்சின் உடம்பிலேயே அடித்திருக்கும். அதைக் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள். வாங்கின பற்றுச்சீட்டு இருந்தால் அதையும் எடுங்கள், ஆனால் மூலச் சீட்டு வீட்டிலேயே இருக்கட்டும். ஏனென்றால் ஆறு மாதம் கழித்து மீட்கப் போகும்போது அதே மாதிரி ஆனால் கோடு விழுந்த ஒரு ரீவி உங்களுக்கு நீட்டப்பட்டால், அது உங்களுடையது இல்லை என்று காட்ட அந்த இலக்கத்தைத் தவிர வேறு ஒன்றும் உங்களிடம் இருக்காது.

சீட்டில் என்ன எழுதவேண்டும்

காசு கைக்கு வருவதற்கு முன்னால் சீட்டு கைக்கு வரவேண்டும். பாதி ஆட்கள் காசை எண்ணுவதில் மும்முரமாக இருந்துவிட்டுச் சீட்டை மடித்துப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதில் "ரீவி 1, 30" என்று மட்டும் எழுதியிருக்கும். என்ன ரீவி, முப்பது எதற்கு, எத்தனை வட்டி, எப்போது திகதி, ஒன்றும் இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பியின் கணக்கைச் சொல்கிறேன், இதைத் தொடர்ந்து பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். ஐம்பத்தைந்தாயிரத்துக்கு வாங்கி ஒரு வருடம் ஆன ரீவி. தை மாதம் அதைக் கொண்டுபோய் முப்பதாயிரம் கேட்டார். நூற்றுக்குப் பத்து வட்டி, மாதத்துக்கு. முதல் மாத வட்டியைக் கழித்துக்கொண்டு இருபத்தேழாயிரம் கையில் கொடுத்தார்கள், சீட்டில் முப்பது என்று எழுதினார்கள். அவர் மாதம் மூவாயிரம் கட்டிக்கொண்டே வந்தார். வைகாசி முடியும்போது, முதலில் கழித்ததையும் சேர்த்துப் பதினையாயிரம் கட்டியாகிவிட்டது, முதல் மட்டும் அசையாமல் அதே முப்பதாயிரம். வாங்கினது இருபத்தேழு, கட்டினது பன்னிரண்டு, இன்னும் கட்டவேண்டியது முப்பது. அதோடு மாதம் பிறந்து ஒரு நாள் போனாலும் முழு மாத வட்டி என்பது அந்தக் கடை வழக்கம். இதை அவருக்கு முதலிலேயே யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆகவே சீட்டில் இவ்வளவும் வேண்டும்: சாமானின் பெயரும் தொடர் இலக்கமும், உங்கள் கைக்கு வந்த தொகை, கழித்த தொகை வேறாக, மாத வட்டி எவ்வளவு, திகதி, எந்தத் திகதிக்குப் பிறகு விற்பார்கள், கொடுப்பவரின் பெயரும் கையொப்பமும். ஒவ்வொரு தடவை வட்டி கட்டும்போதும் சீட்டின் பின்பக்கம் திகதி போட்டு எழுதுவிக்கவேண்டும். எழுத மறந்தால் அன்று பின்னேரமே "இன்று மூவாயிரம் வட்டி கட்டினேன்" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அவர் மறுமொழி போடாவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பின திகதி உங்கள் போனில் கிடக்கும்.

இத்தோடு ஒரு வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத புறோநோட்டிலோ கையொப்பம் கேட்பார்கள். இது சின்ன விஷயம் இல்லை. 1918இலேயே கடன் கொடுக்கல் வாங்கலுக்கென்று வந்த கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது: கடனுக்கு ஈடாக வாங்கும் புறோநோட்டில் உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த வட்டி, வருட வட்டி வீதம் மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கவேண்டும் என்றும், தொகையை வெறுமையாக விட்டுக் கையொப்பம் வாங்குவது குற்றம் என்றும் அதில் இருக்கிறது. அதைச் சட்டம் பேசிக் காட்டவேண்டியதில்லை. "தொகையை எழுதிப் போட்டுத் தாங்கோ அண்ணை, சைன் வைக்கிறன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

ஐசி கேட்கும்போது

கேட்பார்கள். கேட்பதில் பிழை இல்லை, இன்னார்தான் சாமான் கொண்டுவந்தார் என்று அவர்களுக்கும் தெரியவேண்டும், களவுச் சாமான் வந்துவிடக்கூடாதே. ஆனால் பார்ப்பது வேறு, வைத்திருப்பது வேறு. அட்டையைக் காட்டுங்கள், இலக்கத்தைக் கொப்பியில் எழுதட்டும். போட்டோக் கொப்பி வேண்டுமென்றால் கொடுக்கலாம், வெறுமையாகக் கொடுக்காதேங்கோ. கொப்பியின் குறுக்கே, முகத்தின் ஓரத்தையும் இலக்கத்தையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி இரண்டு கோடு இழுத்து, நடுவில் "ரீவி அடைவுக்கு மட்டும், ரூபா 30,000" என்று எழுதித் திகதியும் கையொப்பமும் போடுங்கள். அந்தக் கொப்பியைக் கொண்டு வேறு எங்கும் சிம் எடுக்கவோ பிணைக்கு வைக்கவோ போனால் அந்த எழுத்தே காட்டிக்கொடுக்கும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த உரையாடல் இப்படித்தான் போகும்.

"தம்பி, ஐசியை வைச்சிட்டுப் போம், வட்டி ஒழுங்காக் கட்டினா ஒரு மாசத்தில தாறன்."

"ரீவி இருக்குத்தானே அண்ணை, அது ஐம்பதுக்குப் போகும். ஐசி நாளைக்குப் பாங்குக்குத் தேவை, கொப்பி தாறன்."

"எல்லாரும் வைக்கினம், நீர் மட்டும் என்ன?"

இந்த மூன்றாவது வரி வந்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அரைவாசி நேரம் வாசலுக்குள்ளேயே திரும்பக் கூப்பிடுவார்கள், நான் உள்ளே இருந்து பார்த்தவன். ரீவி அவர்களுக்கும் வேண்டும்.

இதே கதைதான் பாஸ்போட்டுக்கும், வங்கிப் புத்தகத்துக்கும், ஏரிஎம் அட்டைக்கும். பாஸ்போட் உங்களுடைய சொத்துக்கூட இல்லை, அரசாங்கத்தின் சொத்து, அடைவு வைக்க உங்களுக்கே உரிமை கிடையாது. அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் காசு விழுகிற கணக்கின் புத்தகத்தையோ, அட்டையையும் பின் இலக்கத்தையும் சேர்த்தோ கொடுப்பது என்றால் காசு உங்களுக்கு முன்னால் அவர் கைக்குப் போகும், மிச்சத்தை அவர் எண்ணித் தருவார்.

மோட்டார் சைக்கிளைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும். சைக்கிளை வீட்டிலேயே ஓடிக்கொண்டு, பதிவுப் புத்தகமான சீ.ஆர் புத்தகத்தை மட்டும் வைத்துக் காசு எடுக்கலாம் என்பார்கள், கேட்க நல்லாக இருக்கும். கூடவே எம்.ரீ.ஏ 6 என்ற உரிமை மாற்றப் படிவத்தில் விற்பவர் பக்கத்தில் உங்கள் கையொப்பத்தை வாங்கி, வாங்குபவர் பக்கத்தை வெறுமையாக விட்டு வைப்பார்கள். "ஓப்பின் பேப்பர்" என்பது இதுதான். அதில் யாருடைய பெயரையும் எழுதிக் கொடுத்து, சைக்கிளை நீங்கள் விற்றுவிட்டதாகவே காட்டலாம். அங்கே அடைவு என்ற சொல் எந்தத் தாளிலும் இராது. காணி உறுதியும் இப்படித்தான்: காணியை முறையாக ஈடு வைப்பதென்றால் நொத்தாரிசு முன்னால் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியவேண்டும், வெறுமனே உறுதியைக் கையில் கொடுப்பதால் காசு தந்தவருக்குக் காணியில் எந்த உரிமையும் வராது. அப்படியிருக்க உறுதியை ஏன் கேட்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். நொத்தாரிசிடமே கூட்டிக்கொண்டு போனாலும், எழுதுவது ஈட்டு உறுதியா, காணியையே விற்றுவிடுகிற அறுதி உறுதியா என்று வாசிப்பித்துக் கேட்காமல் கைவைக்கவேண்டாம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு

நான் சொன்ன தம்பி ரீவியோடு ஐசியையும் கொடுத்தவர். ஆனி மாதம் அவருக்கு ஒரு வேலைக்குக் கடிதம் வந்தது, மூல ஐசியோடு வரச்சொல்லி. கடைக்குப் போனால் முதலாளி "முப்பதைக் கொண்டுவாரும், ரெண்டையும் கொண்டுபோம்" என்றார். முப்பது இல்லை. பயத்தில் தம்பி நேரே பொலிசுக்குப் போய், பஸ்ஸில் வரும்போது ஐசி தொலைந்துவிட்டது என்று முறைப்பாடு எழுதினார், விதானையாரிடம் கையொப்பம் எடுத்தார், பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து இணைப்பிரதியும் வந்தது. எல்லாரும் செய்கிறதுதான், அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததும் அதுதான்.

இதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. இணைப்பிரதி வந்தாலும் ஐசி இலக்கம் மாறாது. டின்னுக்குள் கிடக்கிற பழைய அட்டையில் இருப்பதும் அதே இலக்கம், அதே முகம், பார்க்கிறவருக்கு இரண்டும் உண்மை அட்டைதான். மற்றது இன்னும் மோசம். இரண்டு மாதம் வட்டி கட்டாமல் விட்டபோது முதலாளி பழைய ஐசியைப் படம் எடுத்து அனுப்பினார்: "இது பஸ்ஸில துலைஞ்சதோ? பொலிசில காட்டட்டோ?" கடன்காரனாக இருந்தவர் பொய் முறைப்பாடு கொடுத்தவராகிவிட்டார், இனிப் பொலிசுக்குப் போகவும் பயம்.

ஆகவே தொலைந்தது என்று மட்டும் எழுதாதேங்கோ. வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ, "தை மாதம் ரீவி அடைவு வைத்தபோது என்னுடைய ஐசியையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள், அது எனக்குத் தேவை, கடனுக்கு ரீவி உங்களிடம் இருக்கிறது" என்று எழுதி அனுப்புங்கள். திட்டவேண்டாம், பயமுறுத்தவேண்டாம். அதற்கு அவர் "காசைத் தா, தாறன்" என்று ஒரு மறுமொழி போட்டாலே, அட்டை அவரிடம் இருக்கிறது என்பதற்கு எழுத்து வந்துவிட்டது. பிறகு வயதான உறவினர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். தராவிட்டால் விதானையாருக்குச் சொல்லிவிட்டுப் பொலிசுக்குப் போய், நடந்ததை நடந்தபடி, இன்னாரிடம் கொடுத்தேன், திருப்பித் தர மறுக்கிறார் என்று முறைப்பாடு எழுதுங்கள். அடைவு வைத்தது வெட்கம்தான், இருந்தாலும் உண்மையை எழுதினால் பிறகு யாரும் அதைக் கொண்டு உங்களை வெருட்ட முடியாது. காசுக் கணக்கில் இழுபறி என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, வழக்குச் செலவு இல்லாமல் இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசுவார்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் யாழ்ப்பாணத்தில் அலுவலகம் உண்டு. உங்களுக்குக் கடன் தந்தது உத்தரவு பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு சொல்லலாம். விறாந்தைக் கடைக்கு அந்த வழி சரிவராது.

தம்பியை ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனோம். முதல் வேலையாகப் பொலிசில் போய் முதல் முறைப்பாட்டில் சொன்னது பிழை என்று உண்மையைச் சொல்லச் சொன்னார். ஏச்சு விழுந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு முதலாளியின் குரல் இறங்கிவிட்டது. மாமா ஒருவர் முப்பதைக் கொடுத்து ரீவியையும் ஐசியையும் மீட்டார், ரிமோட் வரவில்லை. பழைய அட்டையை விதானையார் மூலம் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்பினோம்.

மீட்ட அன்றே செய்யவேண்டிய இரண்டு வேலை இருக்கிறது, இதைத்தான் ஆட்கள் மறந்துபோகிறார்கள். உங்கள் போனில் இருந்து *132# அடித்தால் உங்கள் ஐசி இலக்கத்தில் எத்தனை சிம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு கொம்பனிச் சிம்மிலும் தனித்தனியாக அடித்துப் பாருங்கள், தெரியாத இலக்கம் இருந்தால் அந்தக் கொம்பனியின் கிளைக்கு ஐசியோடு போய் வெட்டச் சொல்லுங்கள். மற்றது கிறிப் அறிக்கை, அதாவது கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரில் என்ன கடன், யாருக்குப் பிணை என்று காட்டுகிற தாள். உங்கள் வங்கியில் கேட்டு விண்ணப்பிக்கலாம். நீங்கள் கையொப்பம் வைக்காத ஒரு லீசிங்குக்குப் பிணையாக உங்கள் பெயர் நின்றால் அதில்தான் தெரியவரும்.

தம்பியின் கிறிப் சுத்தமாக இருந்தது. *132# அடித்தபோது மட்டும் அவருக்குத் தெரியாத இலக்கம் ஒன்று வந்தது, சித்திரையில் எடுத்த சிம், ஐசி டின்னுக்குள் கிடந்த காலம். அடுத்த நாள் காலமை கிளை திறக்கும்போதே போய் நின்று வெட்டிவிட்டோம்.